இயந்திர மணி வீதம்: கணிப்பதிலிருந்து குறை ஈர்ப்பை இலாப அறிக்கையில் சேர்ப்பது வரை

இயந்திர மணி வீதத்தைக் கணிப்பதில் புதியவர்கள் அதிகம் தவறுவதில்லை. மொத்த மேற்செலவை மொத்த மணிகளால் வகுப்பது யாருக்கும் வரும். ஆண்டு முடிந்ததும், அந்த வீதத்தால் பொருள்களில் ஏற்றிய தொகையும், அதாவது ஈர்த்த தொகையும், உண்மைச் செலவும் ஒத்துப்போகாமல் நிற்கும். ஈர்த்தது உண்மைச் செலவைவிடக் குறைந்தால் குறை ஈர்ப்பு, கூடினால் மிகை ஈர்ப்பு. அந்த வித்தியாசத்தை இலாப அறிக்கையில் எங்கே வைப்பது, கூட்டுவதா கழிப்பதா, சரக்கிருப்பைத் திருத்த வேண்டுமா என்ற கேள்விகளில்தான் கை நடுங்குகிறது. அதனால் வீதத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, பிந்தைய படிகளில் நின்று பார்ப்போம்.

முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டு. நான்கு ஒரே மாதிரியான இயந்திரங்கள் உள்ள ஓர் உற்பத்திப் பிரிவு. அங்கே பல்சக்கரம், சுழல்தண்டு என்று இரண்டு பொருள்கள் தயாராகின்றன. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று தகவல்கள் ஆண்டு தொடங்கும் முன்பே வேண்டும்: பிரிவின் பட்ஜெட் மேற்செலவு, இயல்பான நிலையில் இயந்திரங்கள் ஓடக்கூடிய மணிகள், ஒவ்வொரு பொருளும் எடுக்கும் இயந்திர மணி. ஆண்டு முடிந்த பிறகு இன்னும் இரண்டு: உண்மையில் ஓடிய மணிகள், உண்மையில் ஆன மேற்செலவு.

இந்த இரண்டு கூட்டத்தையும் தனித்தனித் தாளில் எழுதி வையுங்கள். ஒரே பட்டியலில் பட்ஜெட்டும் உண்மையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வீதம் கணிக்கும்போது கை தானாக உண்மை எண்ணை எடுத்துவிடும். மிகப் பரவலான பிழை இதுதான். உண்மைச் செலவை உண்மை மணியால் வகுத்தால் வித்தியாசம் எப்போதும் பூஜ்யமாகத்தான் வரும். குறை ஈர்ப்பே இல்லை என்று விடை வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

ஆண்டு முடியும்வரை காத்திருந்து உண்மை வீதம் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்த வேலைக்கு விலை சொல்ல ஆண்டுக் கடைசிவரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதற்காகவே முன்கூட்டி ஒரு வீதம் வைத்துக்கொள்கிறோம். அதற்குக் கொடுக்கும் விலைதான் ஆண்டிறுதியில் வரும் வித்தியாசம்.

## 2. மணிகளை முதலில் கணியுங்கள், செலவைப் பிறகு

வழக்கமாகச் செலவுப் பட்டியலில்தான் தொடங்குவார்கள். மணியில் தொடங்குவது நல்லது. ஏனென்றால் மின்சாரம், எண்ணெய் போன்ற செலவுகளை மணி தெரியாமல் மதிப்பிட முடியாது.

நான்கு இயந்திரங்கள், ஆண்டில் 50 வேலை வாரங்கள், வாரத்துக்கு 40 மணி. மொத்தம் 8,000 மணி. இதை அப்படியே வகுஎண்ணாக வைத்தால் வீதம் குறைவாக வந்து, ஆண்டு முழுக்கக் குறை ஈர்ப்பு உறுதி. இயந்திரம் பராமரிப்புக்காக நிற்கும் நேரமும், அடுத்த வேலைக்காகக் கருவி மாற்றி அமைக்கும் நேரமும் உற்பத்தி நேரம் அல்ல.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வாரத்துக்குப் பராமரிப்பு 2 மணி, அமைப்பு நேரம் 3 மணி என்று கொள்வோம். நான்கு இயந்திரம், 50 வாரம்: பராமரிப்பு 400 மணி, அமைப்பு 600 மணி. மீதம் 7,000 மணி. இதுவே நமது வகுஎண்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. அமைப்பு நேரத்தை வகுஎண்ணிலிருந்து கழித்துவிட்டால், வேலைச் சீட்டிலும் அமைப்பு நேரத்துக்கு வீதம் போடக் கூடாது. வகுஎண்ணில் விட்டுவிட்டு வேலைச் சீட்டில் மட்டும் சேர்த்தால் ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் கூடுதலாக ஏறி, காரணம் தெரியாத மிகை ஈர்ப்பு தலைகாட்டும். அமைப்பு நேரத்தையும் வேலைக்கு ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்தால் வகுஎண் 7,600 ஆக வேண்டும். இரண்டுமே சரி. இரண்டையும் கலப்பதுதான் தவறு.

## 3. பட்ஜெட் மேற்செலவைத் திரட்டி வீதம் கணியுங்கள்

பிரிவுக்கு உரிய ஆண்டு பட்ஜெட் இப்படி இருக்கட்டும் (ரூபாயில்):

| செலவு | தொகை | தன்மை |
|---|---:|---|
| இயந்திரத் தேய்மானம் | 2,80,000 | நிலையானது |
| மின்சாரம் (மணிக்கு 30) | 2,10,000 | மாறுவது |
| பராமரிப்புப் பிரிவின் பங்கு | 1,40,000 | நிலையானது |
| வாடகைப் பங்கு | 1,26,000 | நிலையானது |
| மேற்பார்வையாளர் சம்பளம் | 1,80,000 | நிலையானது |
| காப்பீடு | 24,000 | நிலையானது |
| எண்ணெய், குளிர்விப்புத் திரவம் (மணிக்கு 10) | 70,000 | மாறுவது |
| விளக்கு, இதர செலவு | 20,000 | நிலையானது |
| மொத்தம் | 10,50,000 | |

வாடகை, பராமரிப்பு போன்ற பொதுச் செலவுகளைப் பிரிவுகளுக்குப் பகிர்ந்து முடித்த பிறகே இந்தப் பட்டியல் உருவாகும். வாடகையைப் பரப்பளவின்படியும், காப்பீட்டை இயந்திர மதிப்பின்படியும், பராமரிப்பை எடுத்துக்கொண்ட மணியின்படியும் பகிர்வது வழக்கம். சேவைப் பிரிவுகளின் செலவு உற்பத்திப் பிரிவுகளுக்குள் முழுவதும் வந்து சேர்ந்ததா என்று ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இதில் சேரக் கூடாதவை இரண்டு. விற்பனை, நிர்வாகச் செலவுகள் சரக்கின் உற்பத்தி அடக்கத்தில் ஏறக் கூடாது. இயந்திரத்தை இயக்குபவரின் கூலி நேரடிக் கூலியாகப் பொருளில் ஏற்கெனவே ஏறியிருந்தால், அதை இங்கே மறுபடி சேர்க்கக் கூடாது. சில நிறுவனங்கள் இயக்குபவரின் கூலியையும் சேர்த்து ஒரே முழு வீதமாக வைத்துக்கொள்வதுண்டு. அங்கே நேரடிக் கூலி வரி தனியாக இருக்காது.

```
வீதம் = 10,50,000 / 7,000 = ஒரு மணிக்கு 150 ரூபாய்
மாறும் பகுதி   = 2,80,000 / 7,000 =  40
நிலையான பகுதி = 7,70,000 / 7,000 = 110
```

கடைசி இரண்டு வரிகளைப் பலர் எழுதுவதில்லை. வீதம் மட்டும் கேட்டால் அவை தேவையில்லைதான். ஆனால் 6ஆம் படியில் அவை இல்லாமல் சரியான காரணத்தைச் சொல்ல முடியாது, ஆகவே இப்போதே பிரித்து வையுங்கள்.

பிரிவில் ஒரே மாதிரி இயந்திரங்கள் இருப்பதால்தான் ஒரே வீதம் போதுமானது. விலை அதிகமான கனரக இயந்திரமும் சின்ன இயந்திரமும் கலந்திருந்தால், இயந்திர வகைக்கு ஒன்றாகத் தனி வீதம் வேண்டும். இல்லாவிட்டால் சின்ன இயந்திரத்தில் செய்த வேலை, பெரிய இயந்திரத்தின் தேய்மானத்தையும் சுமக்கும்.

## 4. ஆண்டு முழுவதும் வீதத்தைப் பொருளில் ஏற்றுங்கள்

பல்சக்கரம் ஒன்றுக்கு 4 இயந்திர மணி, சுழல்தண்டு ஒன்றுக்கு 2 மணி. அலகு அடக்கம் இப்படி அமையும்:

| | பல்சக்கரம் | சுழல்தண்டு |
|---|---:|---:|
| நேரடி மூலப்பொருள் | 700 | 450 |
| நேரடிக் கூலி | 300 | 250 |
| மேற்செலவு (மணி × 150) | 600 | 300 |
| உற்பத்தி அடக்கம் | 1,600 | 1,000 |

ஆண்டில் 1,000 பல்சக்கரங்களும் 1,200 சுழல்தண்டுகளும் தயாராகின. ஓடிய மணி 4,000 + 2,400 = 6,400. தொடக்கச் சரக்கிருப்பும் பாதி முடிந்த வேலையும் இல்லை.

ஈர்த்த மேற்செலவு 6,400 × 150 = 9,60,000 ரூபாய். இங்கே பெருக்குவது உண்மை மணியை, பட்ஜெட் வீதத்தால். பட்ஜெட் மணியைப் பட்ஜெட் வீதத்தால் பெருக்கினால் 10,50,000 என்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவீர்கள். நிர்ணய அடக்கவிலை முறையைப் பின்பற்றும் இடத்தில் மட்டும், உண்மை மணிக்குப் பதில் உற்பத்தியான அளவுக்கு நிர்ணயித்த மணியை எடுப்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் பொருளுக்கு நிர்ணயித்த மணியும் ஓடிய மணியும் ஒன்றாகவே இருப்பதால் அந்தச் சிக்கல் எழவில்லை.

## 5. வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள்

ஆண்டு முடிவில் அந்தப் பிரிவின் உண்மை மேற்செலவு 10,36,000 ரூபாய்.

```
உண்மை மேற்செலவு      10,36,000
ஈர்த்த மேற்செலவு       9,60,000
குறை ஈர்ப்பு             76,000
```

ஒப்பிட வேண்டியவை உண்மைச் செலவும் ஈர்த்த செலவும் மட்டுமே. பட்ஜெட் தொகையான 10,50,000 இந்தப் படியில் எங்கும் வராது. அதை இழுத்து வந்து 9,60,000உடன் ஒப்பிட்டு 90,000 குறை ஈர்ப்பு என்று எழுதுபவர்கள் நிறைய.

ஏட்டில் பதிந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கில் உண்மைச் செலவு பற்று; உற்பத்தியில் ஏற்றிய தொகை வரவு. பற்றுப் பக்கம் 10,36,000, வரவுப் பக்கம் 9,60,000. மிஞ்சும் பற்று இருப்பு 76,000 என்பது, செலவாகியும் எந்தப் பொருளின் தலையிலும் ஏறாத பணம். பற்று மிஞ்சினால் குறை ஈர்ப்பு, வரவு மிஞ்சினால் மிகை ஈர்ப்பு. பெயரை மனப்பாடம் செய்து குழம்புபவர்கள் இந்தக் கணக்கை ஒரு மூலையில் வரைந்து பார்த்தால் போதும்.

## 6. ஏன் வந்தது என்று பிரித்துப் பாருங்கள்

இலாப அறிக்கைக்கு ஓடும் முன் இந்தப் படி அவசியம். வித்தியாசத்தை என்ன செய்வது என்பதை அதன் காரணம்தான் தீர்மானிக்கிறது.

மணிக்கு 150 ரூபாயில் 110 நிலையான செலவுக்கானது. திட்டமிட்ட 7,000 மணியில் 600 மணி ஓடவில்லை. வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம் எதுவும் அந்த 600 மணிக்காகக் குறையவில்லை. எனவே 600 × 110 = 66,000 ரூபாய் ஈர்க்கப்படாமல் நின்றது. இது அளவு குறைந்ததால் வந்த பகுதி.

அடுத்து, 6,400 மணிக்கு எவ்வளவு செலவாகியிருக்கலாம் என்று பார்க்க வேண்டும். நிலையானது 7,70,000; மாறுவது 6,400 × 40 = 2,56,000; மொத்தம் 10,26,000. ஆனது 10,36,000. ஆக 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. 66,000உம் 10,000உம் சேர்ந்து 76,000.

இப்போது பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேற்செலவு முழுவதையும் நிலையானதாக எடுத்துக்கொள்பவர், பட்ஜெட் 10,50,000, செலவு 10,36,000, ஆகவே 14,000 மிச்சம் என்பார். அளவுக் குறைவால் 600 × 150 = 90,000 போயிற்று, அதில் 14,000 மிச்சம் கழித்து 76,000 என்று கணக்கும் ஒத்துப்போகும். விடை ஒன்றுதான், செய்தி தலைகீழ். 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவழித்த பிரிவுக்கு 14,000 சேமித்தது என்று பாராட்டு போய்ச் சேரும். மணி குறைந்தால் மின்சாரமும் எண்ணெயும் தானாகக் குறையும். அது யாருடைய சிக்கனமும் அல்ல.

கூட்டுத்தொகை ஒத்துப்போவதாலேயே இந்தப் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை. வீதத்தை 40, 110 என்று முன்பே பிரித்து வைக்கச் சொன்னது இதற்காக.

## 7. எந்த வழியில் தீர்ப்பது என்று முடிவெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு: வித்தியாசத்தை அந்த ஆண்டின் இலாபத்திலேயே எழுதித் தள்ளுவது, ஓடிய மணிகளால் வகுத்துத் துணை வீதம் போட்டு விற்ற சரக்குக்கும் இருப்புக்கும் பகிர்வது, அடுத்த காலத்துக்கு எடுத்துச் செல்வது.

இயந்திரம் நின்றதால் வந்த குறை ஈர்ப்பை இலாபத்தில்தான் எழுத வேண்டும். ஓடாத 600 மணியின் வாடகையைக் கிடங்கில் கிடக்கும் பல்சக்கரத்தின் மேல் ஏற்றினால் அந்தப் பல்சக்கரத்தின் மதிப்பு கூடிவிடுமா? பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2, பத்தி 13இல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான திறனின் அடிப்படையில் ஏற்ற வேண்டும். உற்பத்தி குறைந்தது என்பதற்காக அலகுக்கான தொகையை உயர்த்தக் கூடாது. ஏறாமல் நிற்பதை அந்தக் காலத்தின் செலவாகக் காட்ட வேண்டும்.

துணை வீதம் பொருந்துவது வேறு நிலைமைக்கு. மணி திட்டமிட்டபடி ஓடியது, ஆனால் மின்கட்டணம் ஆண்டின் தொடக்கத்திலேயே உயர்ந்ததால் பட்ஜெட் வீதமே குறைவாக இருந்தது என்றால், சரக்கின் உண்மையான அடக்கம் நாம் எழுதியதைவிட அதிகம். அப்போது இருப்பின் மதிப்பையும் திருத்துவது நியாயம்.

நம் எடுத்துக்காட்டில் அதன் அளவைப் பாருங்கள். விற்றது 900 பல்சக்கரம், 1,100 சுழல்தண்டு. இருப்பில் இரண்டிலும் தலா 100; அவற்றில் உள்ள மணி 400 + 200 = 600. முழு 76,000ஐயும் பகிர்ந்தால் மணிக்கு 11.875 ரூபாய், இருப்புக்கு 7,125 போகும், இலாபம் அந்த அளவு கூடித் தெரியும். ஆனால் அளவுப் பகுதியான 66,000ஐப் பகிரவே கூடாது. மீதி 10,000 விலை உயர்வால் வந்ததாகவே கொண்டாலும் மணிக்கு 1.5625, இருப்பின் பங்கு 937.50 ரூபாய் மட்டும். இதற்காக இருப்புப் பதிவேட்டைத் திருத்துவது வீண் வேலை. வீணடிப்பால் வந்த கூடுதல் செலவு என்றால் பகிர்வு என்ற பேச்சே இல்லை. எனவே 76,000 முழுவதும் இலாபத்தில் எழுதப்படுகிறது.

துணை வீதம் போடும்போது விற்ற சரக்கை மறந்து, வித்தியாசம் முழுவதையும் இருப்பின் மேல் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. பகிர்வு எப்போதும் ஓடிய எல்லா மணிகளுக்கும்தான். பாதி முடிந்த வேலை இருந்தால் அதன் மணிகளும் அதில் அடங்கும்.

மூன்றாவது வழி, மாதாந்திர உள்கணக்குக்கு மட்டும் உகந்தது. பருவத்துக்கு ஏற்ப உற்பத்தி ஏறி இறங்கும் இடத்தில், ஒரு மாதக் குறை ஈர்ப்பு இன்னொரு மாத மிகை ஈர்ப்பில் கரையும். அதுவரை ஓர் இடைநிலைக் கணக்கில் வைத்திருக்கலாம். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கு மூடப்பட வேண்டும். இந்த ஆண்டின் செலவை அடுத்த ஆண்டு சுமக்கக் காரணம் ஏதும் இல்லை.

## 8. இலாப அறிக்கையில் சேருங்கள்

விற்பனை விலை பல்சக்கரம் 2,200, சுழல்தண்டு 1,350. விற்பனை, நிர்வாகச் செலவு 4,10,000.

| | ரூபாய் | ரூபாய் |
|---|---:|---:|
| விற்பனை (19,80,000 + 14,85,000) | | 34,65,000 |
| உற்பத்தி அடக்கம் (16,00,000 + 12,00,000) | 28,00,000 | |
| கழிக்க: இறுதிச் சரக்கிருப்பு (1,60,000 + 1,00,000) | (2,60,000) | |
| விற்ற சரக்கின் அடக்கம் | | (25,40,000) |
| திருத்தத்துக்கு முந்தைய மொத்த இலாபம் | | 9,25,000 |
| கழிக்க: குறை ஈர்த்த மேற்செலவு | | (76,000) |
| மொத்த இலாபம் | | 8,49,000 |
| விற்பனை, நிர்வாகச் செலவு | | (4,10,000) |
| நிகர இலாபம் | | 4,39,000 |

உற்பத்தி அடக்கமான 28,00,000க்குள் மேற்செலவாக இருப்பது ஈர்த்த 9,60,000. உண்மையில் ஆனது அதைவிட 76,000 அதிகம். அந்த 76,000 இன்னும் எந்த வரியிலும் வரவில்லை, ஆகவே கழிக்கிறோம். குறியை மறந்துபோனால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அறிக்கையில் இதுவரை ஏறியுள்ள மேற்செலவு போதுமா, போதாதா? போதாவிட்டால் செலவு இன்னும் ஏற வேண்டும், இலாபம் குறைய வேண்டும்.

சிலர் 76,000ஐ விற்ற சரக்கின் அடக்கத்தோடு கூட்டி 26,16,000 என்று காட்டுவார்கள். மொத்த இலாபம் அதே 8,49,000. தனி வரியாகக் காட்டுவதையே நான் விரும்புவேன். படிப்பவருக்கு அலகின் இலாபமும் திட்டமிடலின் பிசகும் தனித்தனியாகத் தெரியும்.

இறுதிச் சரக்கிருப்பைக் கவனியுங்கள். அது 1,600, 1,000 என்ற பட்ஜெட் வீத அடக்கத்திலேயே நிற்கிறது. முந்தைய ஆண்டிலிருந்து தொடக்கச் சரக்கிருப்பு வந்திருந்தால், அது போன ஆண்டின் வீதத்தில் வந்த மதிப்போடே நுழையும். இந்த ஆண்டின் 150ஆல் அதை மறுமதிப்பிட வேண்டாம். இந்த ஆண்டின் குறை ஈர்ப்புக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது, ஏனெனில் ஈர்ப்பு நடப்பது உற்பத்தியாகும்போது, விற்கும்போது அல்ல. விற்ற சரக்கில் உள்ள 5,800 மணியை வைத்து ஈர்த்த தொகை கணிப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

## 9. இன்னொரு வழியில் சரிபாருங்கள்

உண்மைச் செலவை நேரடியாக வைத்து ஒருமுறை போட்டால் விடை உறுதியாகும். மூலப்பொருளும் கூலியும் பல்சக்கரத்துக்கு 10,00,000, சுழல்தண்டுக்கு 8,40,000, இரண்டும் 18,40,000. உண்மை மேற்செலவு 10,36,000 சேர்த்தால் 28,76,000. இறுதி இருப்பு 2,60,000 கழித்தால் 26,16,000. விற்பனையிலிருந்து கழித்தால் 8,49,000. ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு பிசகியது என்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். மொத்த இலாபம் 10,01,000 என்று வந்தால் பிசகு 1,52,000. அதாவது 76,000இன் இரு மடங்கு. கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டீர்கள். 9,25,000இலேயே நின்றால் திருத்தத்தையே விட்டுவிட்டீர்கள். 7,73,000 என்று வந்தால் உற்பத்தி அடக்கத்தில் உண்மை மேற்செலவான 10,36,000ஐ ஏற்றிவிட்டு, குறை ஈர்ப்பையும் கழித்திருக்கிறீர்கள். ஒரே செலவு இரண்டு முறை போயிருக்கிறது. சில ரூபாய் மட்டும் பிசகினால், வீதத்தை முழு எண்ணாக்கியதுதான் காரணமாக இருக்கும்.

## 10. மிகை ஈர்ப்பு வந்தால்

அடுத்த ஆண்டும் அதே பட்ஜெட், அதே 150 வீதம் என்று கொள்வோம். ஓடியது 7,300 மணி, உண்மை மேற்செலவு 10,70,000. ஈர்த்தது 10,95,000. மிகை ஈர்ப்பு 25,000. அறிக்கையில் தேவைக்கு மேல் செலவு ஏறிவிட்டது, ஆகவே மொத்த இலாபத்தோடு 25,000ஐக் கூட்ட வேண்டும்.

கூட்டும் தொகை என்பதால் பிரிவு சிறப்பாக நடந்தது என்று எண்ணத் தோன்றும். பிரித்தால் வேறு மாதிரி இருக்கிறது. 300 மணி கூடுதலாக ஓடியதால் நிலையான செலவில் 33,000 அதிகம் ஈர்க்கப்பட்டது. 7,300 மணிக்கு ஆகியிருக்க வேண்டியது 7,70,000 + 2,92,000 = 10,62,000; ஆனது 10,70,000, அதாவது 8,000 கூடுதல். மணி கூடியதால் அந்த 8,000 மறைந்து நிற்கிறது. மிகை ஈர்ப்பு வந்த ஆண்டில் யாரும் செலவுப் பட்டியலைத் திறந்து பார்ப்பதில்லை என்பதால் இது ஆண்டுக்கணக்கில் தொடரவும் கூடும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அந்தக் கூடுதல் 300 மணியில் செய்தது விற்காமல் கிடங்கிலேயே கிடந்தாலும் 33,000 இலாபத்தில் தெரியும். எனவே மிகை ஈர்ப்பு வந்தால், இறுதி இருப்பு போன ஆண்டைவிட எத்தனை மணி கூடியிருக்கிறது என்று உடனே பாருங்கள். உற்பத்தி வழக்கத்துக்கு மாறாக மிக அதிகமாக இருந்த ஆண்டில், இருப்பு அதன் உண்மை அடக்கத்துக்கு மேல் மதிப்பிடப்படாதபடி அலகுக்கான நிலையான மேற்செலவைக் குறைக்க வேண்டும் என்று அதே பத்தி 13 சொல்கிறது. 7,000க்கு 7,300 என்பது அந்த அளவுக்கு இல்லை. கூடுதல் நேர வேலையும் சேர்ந்து 9,000 மணி ஓடியிருந்தால் மணிக்கு 110 என்பதை விட்டு, 7,70,000ஐ 9,000ஆல் வகுத்து வரும் ஏறத்தாழ 85.56ஐ இருப்பு மதிப்பீட்டில் வைக்க வேண்டியிருக்கும்.

இரண்டு, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கமாகக் குறை ஈர்ப்பு வந்தால் 2ஆம் படிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் செலவுப் பட்டியலில் குறை இருக்காது. வாரத்துக்கு 5 மணி என்று எழுதிய பராமரிப்பும் அமைப்பும், பட்டறைப் பதிவேட்டில் 7, 8 மணியாக இருக்கும்.